காருக்குப் பின்னால் சிறிய ட்ரெய்லர்: இழுவை எடை, டோ பால் சுமை, ஓவர்ரன் பிரேக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருக்கிறோம். கார் கையேட்டில் 1,300 கிலோ என்றும் 650 கிலோ என்றும் இரண்டு எண் போட்டிருக்கிறது. எது எங்களுக்கு?

ட்ரெய்லரில் பிரேக் இருந்தால் 1,300, இல்லாவிட்டால் 650. பிரேக் இல்லாத ட்ரெய்லரை நிறுத்தும் வேலை முழுக்கக் காரின் பிரேக்குகள் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் அந்த எண் இவ்வளவு குறைவு.

பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு பிரிட்டிஷ் சட்டம் இன்னும் இரண்டு தடைகளை வைக்கிறது. ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து காரின் வெற்றெடையில், அதாவது கெர்ப் வெயிட்டில், பாதியைத் தாண்டக்கூடாது. ட்ரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் 750 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. போனால் பிரேக் கட்டாயம். காரின் கெர்ப் வெயிட் 1,380 என்றால் பாதி 690. தயாரிப்பாளர் சொன்னது 650. இரண்டில் சிறியதே உங்கள் எல்லை. ஒரு ட்ரெய்லர் 750 கிலோவுக்கு உட்பட்டதாக இருந்தும் அதில் பிரேக் பொருத்தியிருந்தால், அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். 'இதற்குத் தேவையே இல்லையே' என்று கழற்றிப் போட்ட கேபிளோடு சாலைக்கு வர முடியாது.

1,300 என்ற எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் புரியும். ஐரோப்பிய விதிப்படி, அந்த எடையை இழுத்துக்கொண்டு கார் 12 சதவீத ஏற்றத்தில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். ஆக அது கிளட்ச்சும் கியரும் தாங்குமா என்ற கணக்கு. நெடுஞ்சாலையில் காற்றடிக்கும்போது ட்ரெய்லர் ஆடாமல் வருமா என்பதை அந்த எண் சொல்லாது. புதிதாக இழுப்பவர்களுக்குக் காரவான் அமைப்புகள் சொல்லும் ஆலோசனை, ட்ரெய்லரின் எடை காரின் கெர்ப் வெயிட்டில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது. அது சட்டமல்ல, ஆனால் நல்ல ஆலோசனை. நம் 1,380 கிலோ காருக்கு அது 1,173 கிலோ ஆகிறது.

கார் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் நான்கு எண் இருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். விற்பனையாளர் சொல்வதும் கையேடும் அதற்குப் பிறகுதான். மேலிருந்து கீழாக: முதல் எண் கார் தனியாக, ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்ந்து இருக்கலாகும் அதிகபட்ச எடை. இரண்டாவது காரும் ட்ரெய்லரும் சேர்ந்து சாலையில் இருக்கலாகும் அதிகபட்ச எடை; இதை ட்ரெயின் வெயிட் என்பார்கள். மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்குமான எல்லைகள். இரண்டாவது எண் இல்லாமலோ பூஜ்யமாகவோ இருந்தால், அந்தக் கார் இழுவைக்கு உரியதல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில மின்சாரக் கார்களும் ஹைப்ரிட் கார்களும் இப்படி இருக்கும். அவற்றில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்ட டோ பார் கிடைக்கும், ட்ரெய்லர் இழுக்க அனுமதி இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தகட்டில் 1,890, 3,050 என்று இருக்கிறது. கையேட்டில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 1,300 என்றிருக்கிறது. நிறைய பேர் 1,300 கிலோ ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு, காரிலும் குடும்பத்தையும் பெட்டிகளையும் நிறைக்கிறார்கள். 1,890-ஐயும் 1,300-ஐயும் கூட்டினால் 3,190. தகடு அனுமதிப்பதைவிட 140 கிலோ அதிகம். காரை முழுக்க நிறைத்தால் ட்ரெய்லருக்கு மிஞ்சுவது 1,160 கிலோதான். ட்ரெய்லரின் வெற்றெடை 320 என்றால், அதற்குள் ஏற்ற முடிவது 840 கிலோ.

தலைகீழாகவும் யோசிக்கலாம். நீங்கள் ஒருவர் மட்டும் ஓட்டி, கார் 1,500 கிலோ இருந்தால் 3,050-இல் 1,550 மிச்சம் இருக்கும். அப்போதும் 1,300-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் அது தனி எல்லை. ட்ரெய்லரின் தகட்டில் அதன் சொந்த மொத்த எடை 1,200 என்று இருந்தால் அதையும் தாண்ட முடியாது. எந்த எண் முதலில் தடுக்கிறதோ அங்கே நிற்க வேண்டும்.

எடையைக் கண்மதிப்பாகச் சொல்ல முடியுமா?

முடியாது. மண், கான்கிரீட் கல், ஈர மரம் ஆகிய மூன்றும் எல்லோரையும் ஏமாற்றும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னைச் சாதாரணமாகத் தாண்டும். சிறிய ட்ரெய்லரில் பாதி உயரம்தானே நிரம்பியிருக்கிறது என்று நினைப்பதற்குள் எல்லை கடந்திருக்கும். பொது எடைமேடைகள் பல ஊர்ப்பக்கங்களில் உண்டு, கட்டணமும் அதிகமில்லை. காரையும் ட்ரெய்லரையும் சேர்த்து ஏற்றி ஒரு எடை, பிறகு ட்ரெய்லரைக் கழற்றி அதை மட்டும் ஒரு எடை எடுங்கள். முதல் எடையை ட்ரெயின் வெயிட்டோடும், இரண்டாவதை இழுவை எல்லையோடும் ட்ரெய்லர் தகட்டோடும் ஒப்பிட வேண்டும்.

டோ பால் சுமை, நோஸ் வெயிட் என்கிறார்களே, அது எதற்கு?

ட்ரெய்லரின் முன்முனையில் உள்ள பூட்டும் பாகமான கப்ளிங், காரின் பின்னால் உள்ள இரும்பு உருண்டையான டோ பால் மேல் கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. அது போதாமல் போனாலும் ஆபத்து, அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து. முன்னது பெரிய ஆபத்து.

ட்ரெய்லரின் சுமை அச்சுக்குப் பின்னால் தேங்கினால் அதன் மூக்கு லேசாகிவிடும். காற்று, லாரி கடந்து போகும் வீச்சு, மேடுபள்ளம் ஏதாவது ஒன்று பின்பகுதியை ஒரு பக்கம் தள்ளும்போது, அது திரும்பி வந்து மறுபக்கம் போகும். வேகம் கூடக்கூட ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் ட்ரெய்லர் காரை ஆட்டத் தொடங்கும். பாரம் இரண்டு முனைகளிலும் கிடந்தால் இந்த ஊசல் இன்னும் மோசம். அதனால்தான் கனமானது அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டியும் இருக்க வேண்டும் என்கிறோம்.

பொதுவான இலக்கு, ஏற்றிய ட்ரெய்லரின் உண்மையான எடையில் 5 முதல் 7 சதவீதம். 1,000 கிலோ ட்ரெய்லருக்கு 50 முதல் 70 கிலோ. இதற்கு மேல் எல்லை போடுவது இரண்டு பொருள்கள்: கார் தயாரிப்பாளர் தரும் எண், சிறிய கார்களில் பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ வரை, அப்புறம் டோ பாரிலும் கப்ளிங்கிலும் 'எஸ்' என்ற எழுத்தோடு பொறித்திருக்கும் எண். கப்ளிங்கில் எஸ் 100 என்றிருந்து கார் 75 அனுமதித்தால், எல்லை 75. கப்ளிங்கின் 100-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

அமெரிக்க இணையதளங்களில் 10 முதல் 15 சதவீதம் என்று படித்திருப்பீர்கள். அவர்களின் பிக்அப் வண்டிகளுக்கும் டோ பார்களுக்கும் அது பொருந்தும். ஐரோப்பியக் காருக்கு அதைக் கொண்டுவந்தால் டோ பார் எல்லை உடனே கடந்துவிடும்.

வீட்டிலேயே அளக்க முடியுமா? கருவி வாங்க வேண்டுமா?

குளியலறை எடை இயந்திரமே போதும். பெரும்பாலானவை 150 கிலோ வரை காட்டும்.

சமமான தரையில் ட்ரெய்லரை ஏற்ற வேண்டியதெல்லாம் ஏற்றி நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எடை இயந்திரத்தின் மேல் ஒரு பலகை, அதன் மேல் செங்குத்தாக ஒரு மரத்துண்டு. கப்ளிங் அந்த மரத்துண்டின் மேல் உட்காரும்போது, அது காரின் டோ பால் இருக்கும் உயரத்திலேயே இருக்கும்படி துண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். டோ பாலின் மையம், ஆள் சாமானோடு கார் நிற்கும்போது, தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கும் சிறிய ஜாக்கி சக்கரத்தைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். பலகையும் துண்டும் எவ்வளவு எடை என்பதை முன்பே பார்த்துக் கழிக்கவும்.

உயரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், மூக்கைத் தூக்கிவைத்தால் பாரத்தின் மையம் பின்னால் சாய்ந்து எண் குறைந்து தெரியும். தாழ்த்தினால் கூடித் தெரியும். உயரமான பாரம் உள்ள ட்ரெய்லரில் இந்த வேறுபாடு கவனிக்கத்தக்க அளவு இருக்கும்.

அளந்ததில் 42 கிலோதான் வந்தது. எதை எவ்வளவு தள்ளி வைப்பது?

ஊகித்துத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை, ஒரு சின்னக் கணக்கு உண்டு. நகர்த்தும் பொருளின் எடையை, அதை முன்னோக்கி நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, டோ பாலிலிருந்து ட்ரெய்லர் அச்சு வரையிலான தூரத்தால் வகுத்தால், டோ பாலில் கூடும் எடை வரும்.

உங்கள் ட்ரெய்லர் 1,000 கிலோ, டோ பாலிலிருந்து அச்சு 2.5 மீட்டர் என்று வைப்போம். பின்னால் கிடக்கும் 60 கிலோ ஜெனரேட்டரை 1 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால், 60-ஐ 1-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுக்க 24 வருகிறது. 42 இப்போது 66 ஆகும். இலக்கான 50 முதல் 70-க்குள்ளும் இருக்கிறது, காரின் 75-க்குக் கீழும் இருக்கிறது. நகர்த்தியபின் மீண்டும் ஒருமுறை அளந்து, பொருளை ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டுங்கள். பிரேக் போடும்போது முன்னால் வழுக்கி வந்தால், கணக்கு போட்ட அத்தனையும் வீண்.

தண்ணீர்த் தொட்டி, பெட்ரோல் கேன், கேஸ் சிலிண்டர் இருந்தால் போகும் வழியில் அவை தீர்ந்துபோவதையும் நினைவில் வையுங்கள். முன்பக்கத் தொட்டியில் 40 லிட்டர் காலியானால் 40 கிலோ போயிற்று. திரும்பி வரும்போது மூக்கு லேசாகியிருக்கும்.

70, 75 கிலோ வைத்ததற்கே கார் பின்பக்கம் இவ்வளவு தாழ்கிறதே?

டோ பால் பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பின் அச்சின் மேல் வைத்த எடையைவிட அதிகம் இறங்குகிறது, அந்தக் கூடுதல் முன் அச்சிலிருந்து கழிகிறது. சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர், பின் அச்சிலிருந்து டோ பால் 1 மீட்டர் என்றால், 75 கிலோ டோ பாலில் வைக்கும்போது பின் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 104 கிலோ. முன் அச்சில் 29 கிலோ குறைகிறது.

முன்சக்கர இழுவைக் காரில் அந்த 29 கிலோவை ஈரமான ஏற்றத்தில் கிளம்பும்போது உணர்வீர்கள், டயர் சுழலும். டோ பால் சுமை காரின் சுமைதான் என்பதையும் மறக்க வேண்டாம். காரின் மொத்த எடையிலும், தகட்டின் நான்காவது எண்ணான பின் அச்சு எல்லையிலும் அது சேரும். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான், அதற்கு மேல் 75 கிலோ என்றால் முதலில் மீறப்படுவது அந்தப் பின் அச்சு எல்லைதான். கனமான பைகளை டிக்கியிலிருந்து எடுத்து முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் வையுங்கள். பின் டயர் காற்றழுத்தத்தைக் கையேட்டில் முழுச் சுமைக்குக் கொடுத்த அளவுக்கு ஏற்றுங்கள். தாழ்வைக் குறைப்பதற்காக ட்ரெய்லரின் பாரத்தைப் பின்னுக்குத் தள்ள மட்டும் வேண்டாம். கார் நிமிர்ந்து நிற்கும், ட்ரெய்லர் ஆடும்.

ஓவர்ரன் பிரேக்குக்கு காரிலிருந்து வயரோ குழாயோ வரவில்லை. பிறகு எப்படிப் பிடிக்கிறது?

ட்ரெய்லர் காரைத் தள்ளும் விசையே பிரேக்கை இயக்குகிறது. கார் வேகம் குறைக்கிறது. ட்ரெய்லர் குறைக்காமல் முன்னால் வர முயல்கிறது. கப்ளிங்கின் பின்னால் இருக்கும் இரும்புத் தண்டு அப்போது உள்ளே சறுக்குகிறது. அதன் முனை ஒரு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் ட்ரெய்லரின் அடியில் ஓடும் நீண்ட கம்பியை இழுக்கிறது. கம்பியின் மறுமுனையில் ஒரு குறுக்குப் பட்டை. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் இரு சக்கரங்களுக்கும் போய் டிரம்முக்குள் ஷூக்களை விரிக்கின்றன. குறுக்குப் பட்டை தராசுபோல் இருபுறமும் இழுவையைச் சமமாகப் பிரிக்கிறது.

சறுக்கும் தண்டுக்குள் ஒரு கேஸ் டேம்பர் உண்டு. அது இல்லாவிட்டால் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் தண்டு முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். டேம்பர் அந்த அசைவை மெதுவாக்குகிறது. விதிப்படி, ட்ரெய்லரின் எடையில் 2 முதல் 4 சதவீத விசை தள்ளினால்தான் பிரேக் வேலையைத் தொடங்க வேண்டும். 1,000 கிலோ ட்ரெய்லருக்கு 20 முதல் 40 கிலோ அளவு தள்ளு விசை. அதற்குக் கீழே தொடங்கினால் லேசாக ஆக்சிலரேட்டரை விட்டாலே உரசும்; மேலே போனால் காரைத் தள்ளிக்கொண்டே வரும்.

இதிலிருந்தே இந்த அமைப்பின் எல்லையும் தெரிகிறது. கார் பிரேக் போடாமல் ட்ரெய்லர் தானாகப் பிடிக்காது. ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் ஓவர்ரன் பிரேக் உங்களுக்கு உதவி செய்யாது. அப்போது செய்ய வேண்டியது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுவது. ஆட்டத்தை எதிர்த்துத் திருப்புவதும், வேகத்தைக் கூட்டி நேராக்க முயல்வதும் அதைப் பெரிதாக்கும்.

ரிவர்ஸ் எடுக்கும்போதும் தண்டு உள்ளே போகுமே, பிரேக் பிடித்துவிடாதா?

தண்டு உள்ளே போகும், கேபிளும் இழுக்கும். ஆனால் டிரம்முக்குள் ஒரு ஷூ அசையும் தாங்கியில் இருக்கிறது. சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது டிரம் அந்த ஷூவை இழுத்துக்கொண்டு போக, தாங்கி மடங்கி ஷூவின் பிடி தளர்கிறது. முன்னோக்கி ஒருமுறை நகர்ந்ததும் ஷூ பழைய இடத்துக்கு வந்துவிடும். இதை ஆட்டோ ரிவர்ஸ் என்பார்கள். பிரிட்டனில் 1989 ஏப்ரல் முதல் புதிய பிரேக் ட்ரெய்லர்களுக்கு இது கட்டாயம். அதற்கு முந்தைய பழைய ட்ரெய்லர்களில் ரிவர்ஸுக்கு முன் இறங்கிப்போய் கப்ளிங்கில் ஒரு பூட்டை மடக்க வேண்டும்.

புதிய ட்ரெய்லரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டால், பெரும்பாலும் யாரோ பிரேக்கைத் தவறான இடத்தில் இறுக்கியிருக்கிறார்கள். அடுத்த பதில் அதைப் பற்றியது.

பிரேக் தளர்ந்துவிட்டது. கம்பியில் இருக்கும் நட்டை இறுக்கினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்?

அப்படிச் செய்ய வேண்டாம். ஷூ தேய்ந்ததால் வந்த தளர்வைக் கம்பியில் இறுக்கிச் சரிசெய்தால், ஷூவை விரிக்கும் கரங்கள் எப்போதும் பாதி விரிந்தபடி நிற்கும். ஆட்டோ ரிவர்ஸ் தாங்கி மடங்குவதற்கு இடம் இருக்காது, ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும், முன்னால் ஓடும்போதும் உரசிச் சூடாகும். தளர்வு எங்கே தோன்றியதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டிரம் முதலில், கேபிள் பிறகு, கம்பி அதன் பிறகு, ஹேண்ட்பிரேக் கடைசியில்.

ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, சமதரையில் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். கப்ளிங் தண்டை முழுக்க வெளியே இழுத்து வையுங்கள். கம்பியையும் கேபிள்களையும் இழுவிசை இல்லாதபடி தளர்த்துங்கள். இப்போது ஒரு பக்கத்தை ஜாக்கால் தூக்கி, அச்சின் கீழ் ஆக்ஸில் ஸ்டாண்டு வைத்துத் தாங்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம்.

டிரம்மின் பின்தகட்டில் ஒரு சிறு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் உள்ளே பல்சக்கரம்போல் சரிசெய்யும் பாகம் தெரியும். சில தயாரிப்புகளில் பின்புறம் ஒரு நட்டு தலை நீட்டியிருக்கும். சக்கரத்தை முன்னோக்கி மட்டும் சுழற்றிக்கொண்டே, ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திருப்பி, சக்கரம் சுழலாமல் நிற்கும் வரை இறுக்குங்கள். பின்னோக்கிச் சுழற்றினால் ஆட்டோ ரிவர்ஸ் விலகி, தவறான இடத்தில் நிற்பீர்கள். பிறகு அந்தச் சக்கரத்தின் கேபிளைக் கையால் இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்து விடுங்கள். ஷூக்கள் டிரம்முக்குள் நடுவில் உட்காரும். இப்போது சரிசெய்யும் பாகத்தைத் தளர்த்தி, சக்கரம் தடையின்றிச் சுழன்று, லேசான உரசல் ஓசை மட்டும் கேட்கும் இடத்தில் விடுங்கள். மறுபக்கமும் இதே போல.

இரண்டு டிரம்மும் முடிந்த பிறகு கேபிள்களில் எஞ்சும் தளர்வை எடுங்கள். இழுத்துப் பார்க்கும்போது சில மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். சரியான அளவு அந்த அச்சுத் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். குறுக்குப் பட்டை கம்பிக்குச் செங்கோணமாக நிற்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு கேபிள் நீண்டுவிட்டது அல்லது ஒரு டிரம் சரியாகச் செய்யப்படவில்லை, திரும்பிப் போய் பார்க்க வேண்டும். கடைசியாகக் கம்பி: ஓவர்ரன் நெம்புகோலுக்கும் தண்டுக்கும் இடையில் வெற்று இடைவெளி இல்லாத வரை மட்டும் இறுக்குங்கள், இழுவிசை ஏறும் வரை அல்ல.

சரிபார்க்க ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்தால் சக்கரம் முன்னோக்கிச் சுழல்வது கடினமாகத் தொடங்கியிருக்க வேண்டும். முழுக்க இழுத்தால் அசையவே கூடாது. எங்கெல்லாம் சக்கர போல்ட்டுகளைத் தொட்டீர்களோ அங்கெல்லாம் கையேடு சொல்லும் முறுக்கு விசைக்கு இறுக்கி, முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் பாருங்கள்.

பிரேக் போடும்போது 'டக்' என்று முன்னால் அடிக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

அடி கேட்பது இரண்டு காரணத்தால் வரும். பிரேக் ஷூ தேய்ந்து தளர்வு கூடியதால் தண்டு முழுத் தூரமும் உள்ளே போய் முட்டுவது முதலாவது; மேலே சொன்ன சரிசெய்தல் இதைத் தீர்க்கும். டேம்பர் செத்துப்போனது இரண்டாவது. சோதிப்பது சுலபம். ட்ரெய்லரைக் கழற்றி, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, கப்ளிங்கை இரண்டு கையாலும் பின்னோக்கித் தள்ளுங்கள். உறுதியான தடையோடு மெதுவாக உள்ளே போய், விட்டதும் தானாக வெளியே வந்தால் டேம்பர் நல்லது. தடையின்றிப் போனாலும், திரும்பி வராமல் நின்றாலும் மாற்ற வேண்டும். தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தாலும் திரும்பி வராது. அதனால் முதலில் மேலே உள்ள கிரீஸ் நிப்பிள்களில் கிரீஸ் அடித்துப் பாருங்கள். தண்டை மூடும் ரப்பர் பெல்லோஸ் கிழிந்திருந்தால் தண்ணீர் புகுந்து இதே கதை திரும்பும்.

ஒரு சக்கரம் மட்டும் சூடாவது அந்தப் பக்கத்துக் கேபிளையே காட்டுகிறது. கேபிளின் உறைக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்தால் இழுக்கும்போது போகும், விட்டால் திரும்பாது. கம்பியை விட்டபிறகு இரு கேபிளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தளர்ந்தும் மற்றது விறைத்தும் இருப்பது கண்ணுக்கே தெரியும். இதில் எண்ணெய் ஊற்றிப் பார்ப்பதைவிடக் கேபிளை மாற்றுவதே நல்லது. கேபிள் நன்றாக இருந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது சக்கர பேரிங். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும், சுழற்றினால் கரகரவென்று கேட்கும்.

இரண்டு சக்கரமும் சமமாகச் சூடாகி, நீண்ட இறக்கத்துக்குப் பிறகு மட்டும் அப்படி இருந்தால் அது கோளாறல்ல. இறக்கத்தில் என்ஜினால் காரை அடக்கும்போது ட்ரெய்லர் தொடர்ந்து தள்ளுவதால் அதன் பிரேக்கும் தொடர்ந்து உரசுகிறது. முன்கூட்டியே கீழ்க் கியருக்குப் போய் வேகத்தையே குறைவாக வைத்து, கார் பிரேக்கை நீண்ட நேரம் லேசாக அழுத்துவதற்குப் பதில் சிறிது நேரம் உறுதியாக அழுத்தி விட்டுவிடுங்கள். விட்ட இடைவெளியில் டிரம் ஆறும். நீண்ட இறக்கத்தின் அடியில் வண்டியை நிறுத்தினால் சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கட்டை வைப்பது நல்லது.

அந்தச் சிவப்பு மெல்லிய கம்பியை எங்கே மாட்டுவது? டோ பாலில் சுற்றினால் போதுமா?

அது பிரேக்அவே கேபிள். கப்ளிங் டோ பாலிலிருந்து கழன்றால், அந்தக் கேபிள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டுத் தான் அறுந்துபோக வேண்டும். டோ பாரில் அதற்கென்று வளையமோ துளையோ இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். டோ பாலின் கழுத்தில் ஒருமுறை சுற்றுவது, வேறு இடமே இல்லாத டோ பார்களுக்கு மட்டும். கழுத்தில் சுற்றும்போது அது வழுக்கி மேலே வந்து, கப்ளிங்கோடு சேர்ந்து கழன்றுவிட வாய்ப்புண்டு.

திருப்பத்தில் இறுகாத அளவு தளர்வும், தரையில் உரசாத அளவு நீளமும் வேண்டும். இறுகினால் திருப்பத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடும். இப்படி ஒரு சக்கரம் புகைந்தபின் டிரம்மைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடியில் சிக்காமல் போகிறதா என்றும் பாருங்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு இந்தக் கேபிள் உதவாது. அங்கே கப்ளிங் கழன்றாலும் மூக்கு தரையில் இடிக்காமல் பிடித்து வைக்கும் சங்கிலி தேவை.

டோ பாலுக்குக் கிரீஸ் தடவலாமா?

சாதாரண கப்ளிங்குக்குத் தடவுங்கள். ஆட்டத்தை அடக்க உராய்வுத் துண்டுகள் உள்ள ஸ்டெபிலைசர் கப்ளிங்காக இருந்தால் தடவக்கூடாது. டோ பாலில் இருக்கும் பழைய கிரீஸையும் பெயின்ட்டையும் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். டோ பாலின் விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்ந்து 49-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். வெர்னியரால் இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள், ஒரு பக்கமாகத் தேய்வதே வழக்கம்.

ஓட்டுநர் உரிமத்துக்குத் தனித் தேர்வு வேண்டுமா? வேகம்?

2021 டிசம்பர் 16 முதல் வேண்டாம். 1997 ஜனவரிக்குப் பிறகு கார் தேர்வு தேறியவர்களும் 3,500 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம், கார் அதை அனுமதிக்கும்பட்சத்தில். வேகம் ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டர்வேயிலும் 60. மூன்று தடம் அல்லது அதற்கு மேல் உள்ள மோட்டர்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக்கூடாது.

ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டும் ட்ரெய்லர் ஒரு சாண் பின்னால் உருண்டது. பிரேக் கெட்டுவிட்டதா?

இல்லை, ஆட்டோ ரிவர்ஸ்தான். பின்னோக்கி உருளும்போது ஷூ தளர்கிறது. ஹேண்ட்பிரேக் நெம்புகோலில் இருக்கும் ஸ்பிரிங் அல்லது கேஸ் சிலிண்டர் அந்தத் தளர்வை விழுங்கிக் கேபிளை மேலும் இழுத்து மீண்டும் பிடிக்கச் செய்கிறது. அந்த இடைவெளியில்தான் வண்டி சற்று உருளும். நெம்புகோலைப் பாதியில் விட்டால் ஸ்பிரிங்குக்குள் போதிய விசை இருக்காது, அப்போது உருண்டுகொண்டே போகும். அதனால் நெம்புகோலை அது போகும் தூரம் முழுக்க, ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் வரை இழுத்து, சக்கரத்தின் கீழ்ப்பக்கம் கட்டையை ஒட்டி வைத்த பிறகே காரிலிருந்து கழற்றுங்கள்.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பதென்றால் நேர்மாறு: சமதரையில் இரு பக்கமும் கட்டை வைத்து ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். இழுத்தபடி மாதக்கணக்கில் நின்றால் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், வசந்தத்தில் ட்ரெய்லரை இழுத்தால் சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்துகொண்டு வரும்.